ஸ்டியரிங் உங்கள் கையில் பத்தரை மணி நேரம்

எங்கள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் அறிவிப்புப் படத்துக்குக் கீழே போடுகிற வாசகத்தின் முதல் வரி இதுதான். காரைக்குடிப் பக்கம் புதிதாகக் கார் ஓட்டப் பழகுகிறவர்களுக்காக எழுதியது. பள்ளி நடத்துகிற வேறு சிலரும், எங்கே சேரலாம் என்று விசாரிக்கிறவர்களும் இந்த வரியைப் பற்றிக் கேட்கிறார்கள். பாடத்திட்டம், தேர்வு, கட்டணம் மூன்றும் அந்த ஒரு வரியிலிருந்துதான் கிளைக்கின்றன. அதனால் வாசகம் உருவான விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தத் தொழிலில் வழக்கமாக எழுதுவது நாள் கணக்குதான். ‘21 நாளில் கார்’, ‘ஒரு மாதப் பயிற்சி’ என்று இருக்கும். நாள் கணக்கு பொய் அல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, சொந்த உபயோக வாகனம் ஓட்டக் கற்பவருக்குப் பயிற்சிக்காலம் 21 நாளுக்குக் குறையக் கூடாது என்கின்றன. ஆனால் அதே விதிகள் இன்னொன்றையும் சொல்கின்றன: கற்பவர் உண்மையில் வண்டி ஓட்டிய நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது. அறிவிப்புகளில் முதலாவது வருகிறது, இரண்டாவது வருவதில்லை.

கோட்டையூரிலிருந்து விசாரிக்க வந்த ஓர் ஆச்சிதான் இதை முகத்துக்கு நேரே கேட்டார். வயது 46. கணவருக்குச் சென்னையில் தொழில். வீட்டில் கார் நிற்கிறது, ஓட்ட ஆள் இல்லை. தேவகோட்டையில் இருக்கிற தாயாரைப் பார்க்கவும், காரைக்குடிக்கு வங்கி வேலையாகப் போகவும் ஒவ்வொரு முறையும் வாடகை வண்டிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார். “தம்பி, 21 நாள் சரி. ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் ஸ்டியரிங் என் கையில் இருக்கும்?” என்றார்.

அந்தக் கேள்விக்கான பதில் எளிய கணக்கு. ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரே காரில் நான்கு பேரை ஏற்றினால் ஒருவருக்குக் கிடைப்பது 15 நிமிடம். 21 நாளுக்கு 315 நிமிடம், அதாவது ஐந்தேகால் மணி. விதி கேட்பதில் பாதிதான். இரண்டே பேரை ஏற்றினால் ஆளுக்கு அரை மணி. 21 நாளில் பத்தரை மணி. நாங்கள் இரண்டு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. பின் இருக்கையில் அரை மணி உட்கார்ந்து அடுத்தவர் ஓட்டுவதைப் பார்ப்பதும் பாடம்தான். பதற்றம் இல்லாமல் பார்க்கும்போது, எந்த இடத்தில் கியரைக் குறைக்க வேண்டும் என்பது நன்றாகப் புரியும். ஆனால் அதை ஓட்டிய நேரத்தில் சேர்க்கக் கூடாது.

இதைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. கற்பவர் எந்தத் தேதியில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை ஓட்டினார் என்று பள்ளி எழுதிவைக்க வேண்டிய பதிவேடு ஒன்று உண்டு. அதன் பெயர் படிவம் 15. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் கற்பவரும் கற்றுக்கொடுத்தவரும் அதில் கையெழுத்துப் போடுகிறார்கள். விசாரிக்கப் போகிறவர்கள் அந்தப் பதிவேட்டைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். எடுத்துக் காட்டுகிற பள்ளியில் நேரம் ஒழுங்காகக் கிடைக்கும்.

அரை மணிகள் இருபத்தொன்றையும் எப்படிச் செலவழிக்கிறோம் என்பது அடுத்த வரி. எங்கள் ஊர்கள் அமைந்திருக்கிற விதத்துக்கு ஏற்பவே அதைப் பிரித்திருக்கிறோம்.

முதல் நான்கு வகுப்பும் ஆள் நடமாட்டம் இல்லாத திடலில். இருக்கையை இழுத்துப் போடுவது, மூன்று கண்ணாடிகளைத் திருத்துவது, பெல்ட், பிறகு கிளட்ச். வேகம் கற்றுக்கொடுக்க நாங்கள் அவசரப்படுவதே இல்லை. முதல் கியரைப் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், கிளட்சை நூல் நூலாக மேலே விடச் சொல்கிறோம். ஓரிடத்தில் என்ஜின் சத்தம் சற்றுத் தணியும், பானட் லேசாக நிமிரும், வண்டி நகரலாமா என்று கேட்பது போல ஒரு நடுக்கம் காலில் தெரியும். அங்கே பாதத்தை அப்படியே நிறுத்த வேண்டும். அந்த ஹாஃப் கிளட்ச் காலுக்குப் பழகிவிட்டால், பின்னால் வருகிற மேடு, முட்டுச்சந்து, ரிவர்ஸ் எதுவுமே பெரிய பாடு இல்லை. பழகாமல் தெருவில் இறக்கினால் ஒவ்வொரு முனையிலும் என்ஜின் அணைந்துபோகும், பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார், கற்பவர் பயந்து ஆக்ஸிலேட்டரை அழுத்துவார். ஆச்சி முதல் இரண்டு வகுப்பில் கிளட்சைப் பட்டென்று விட்டுக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டையான காலணி போட்டு வரச் சொன்னோம். மூன்றாம் வகுப்பில் பாதம் நின்றுவிட்டது.

ஐந்தாவதிலிருந்து பத்தாவது வரை செட்டிநாட்டுத் தெருக்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், காரைக்குடியின் பழைய பகுதி எங்கே போனாலும் தெருக்கள் கோடு போட்டாற்போல் நேராக ஓடி, ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பிப் பழகவும், திரும்பியபின் நேராக்கவும் இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் அதே தெருக்களில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. வீடுகள் ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கின்றன. பக்கச் சுவர் முனை வரைக்கும் உயரமாக வந்து நிற்கிறது. ஓட்டுநர் உட்கார்ந்திருப்பது பானட்டுக்குப் பின்னால். அவர் கண்ணுக்குக் குறுக்குத் தெரு தெரிவதற்குள் வண்டியின் மூக்கு தெருவுக்குள் போயிருக்கும்.

அதனால் முனையைக் கடக்க ஒரு வழிமுறை வைத்திருக்கிறோம். சுவர் முடிவதற்கு ஒரு வண்டி நீளம் இருக்கும்போதே முழுதாக நிறுத்த வேண்டும். ஒரு சின்ன ஹாரன். கார்க் கண்ணாடியை இறக்கிக் காது கொடுக்க வேண்டும். இருசக்கர வண்டிச் சத்தம் கண்ணுக்கு முன் காதுக்கு வந்துவிடும். பிறகு முதல் கியரில், ஹாஃப் கிளட்சில், நடந்துபோகிறவரைவிட மெதுவாக மூக்கை நீட்ட வேண்டும். வலது, இடது, மறுபடி வலது என்று பார்த்து, வழி இருந்தால் மட்டும் போக வேண்டும். இதை ஆறு வகுப்புகளிலும் ஒவ்வொரு முனையிலும் செய்யவைக்கிறோம். சலிப்பாக இருக்கிறது என்று இளைஞர்கள் முணுமுணுப்பார்கள், விடுவதில்லை. தேர்வில் ஆய்வாளர் முச்சந்தியில் கவனிப்பதும் இதைத்தான்: நிறுத்தினாரா, பார்த்தாரா, சைகை காட்டினாரா.

பதினொன்றிலிருந்து பதினான்கு வரை ரிவர்ஸும் மேடும். எங்கள் பக்கம் சமதரை. குன்றக்குடியில் குன்று இருக்கிறது, ஆனால் கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் புதியவரைக் கொண்டுபோய் நிறுத்த முடியாது. ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும் என்பது தேர்வு விதியிலேயே இருக்கிற அம்சம். சமதரையில் பழகியவர்கள் விழுவது இங்கேதான். கண்மாய்க் கரைமேல் ஏறுகிற சரிவுப் பாதைகளை இதற்குப் பயன்படுத்துகிறோம். சரிவின் நடுவில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுக்க வேண்டும். முதல் கியரில் கிளட்சை விட்டுக்கொண்டே வந்து, பானட் நிமிர்ந்ததும் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து, அதன் பிறகே ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். வரிசை மாறினால் வண்டி பின்னால் போகும். மழை பெய்த மறுநாள் இந்த வகுப்பு கிடையாது. கரை மண் வழுக்கும்.

பின்னர் நான்கு வகுப்புகள் நகரப் போக்குவரத்தில், பெரியார் சிலைப் பக்கமும் செக்காலைச் சாலையும் சேர்ந்து. ஒரு வகுப்பு மட்டும் திருச்சி–ராமேஸ்வரம் நெடுஞ்சாலையில். தை மாதத்தில் அந்த வகுப்பை விடிந்து வெளிச்சம் நன்றாக வந்தபின்தான் வைக்கிறோம். பழனிக்கு நடந்து போகிறவர்கள் எந்தச் சாலையின் ஓரத்திலும் இருப்பார்கள். இருட்டில் புதியவருக்குத் தெரியமாட்டார்கள்.

ஆக 19. மீதி இரண்டு வகுப்பைத் தேர்வு வாரத்துக்கு எடுத்துவைக்கிறோம். இதற்குக் காரணம் கால அட்டவணை. பழகுநர் உரிமம், நாம் எல்எல்ஆர் என்று சொல்கிறோமே, அது கைக்கு வந்த பிறகுதான் சாலையில் ஓட்டிப் பழகலாம். அது கிடைத்து 30 நாள் ஆன பிறகுதான் ஓட்டுநர் உரிமத் தேர்வுக்குப் போகலாம். எல்எல்ஆர் செல்லுபடியாவது 6 மாதம். பயிற்சியைத் தொடர்ச்சியாக 21 நாளில் முடித்துவிட்டால், தேர்வுக்கு முன் ஒன்றிரண்டு வாரம் ஸ்டியரிங் தொடாமல் போய்விடும். கால் மறந்துவிடும். தேர்வுத் தேதி உறுதியானதும் அதற்கு முந்திய இரண்டு நாளில் அந்த அரை மணிகளைக் கொடுக்கிறோம். ஒன்றில் மேடும் ரிவர்ஸும், மற்றதில் தேர்வு போலவே அமைதியாக ஓர் ஓட்டம். கற்றுக்கொடுப்பவர் வழியை மட்டும் சொல்வார், திருத்தமாட்டார்.

தேர்வைப் பற்றி வாசகத்தில் என்ன எழுதலாம், என்ன எழுதக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். ‘லைசென்ஸ் நிச்சயம்’ என்று எழுதக் கூடாது. விதிகளுக்குப் புறம்பாக உரிமம் வாங்கித்தர முடியும் என்று நம்பும்படி எந்தப் பள்ளியும் நடந்துகொள்ளக் கூடாது என்பது அதே விதிகளில் 27-ஆவது விதி சொல்கிற கட்டுப்பாடு. தேர்வு நடத்துவது மோட்டார் வாகன ஆய்வாளர். பள்ளி செய்வது பயிற்சி, வண்டி, காகிதம். பயிற்சி முடித்ததற்குப் படிவம் 5-இல் சான்றிதழ் கொடுக்க வேண்டியது எங்கள் கடமை. அதைத் தனியாகப் பணம் கேட்டுத் தருவது நியாயமில்லை.

எல்எல்ஆருக்கு விண்ணப்பம் sarathi.parivahan.gov.in தளத்தில். 40 வயதுக்கு மேற்பட்டவர்கள் படிவம் 1A-இல் மருத்துவரின் சான்று வைக்க வேண்டும். மற்றவர்களுக்குப் படிவம் 1-இல் தாமே தரும் உறுதிமொழி போதும். ஆச்சிக்கு வயது 46 என்பதால் முதல் நாளே மருத்துவரிடம் போகச் சொன்னோம். இதைச் சொல்லாமல் விட்டால் விண்ணப்பம் பாதியில் நிற்கும். எல்எல்ஆர் தேர்வில் சாலைக் குறியீடுகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமை, ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடப்பது, வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் ஆகியவை வரும். குறியீடுகளைப் படம் பார்த்து மனப்பாடம் செய்வதைவிட, வகுப்புக்குப் போகும் வழியில் எது எங்கே நிற்கிறது என்று தேடிச் சொல்லும்போது நன்றாக மனத்தில் பதிகிறது.

ஓட்டும் தேர்வில் எங்கள் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் ஓட்டுவதில் இல்லை. கிளப்புவதற்கு முன் கண்ணாடியைச் சரிசெய்வதில்லை. சரிசெய்தாலும் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உருட்டுகிறார்கள்; பக்கத்தில் இருக்கிற ஆய்வாளருக்குப் பார்த்தது தெரியாது. ரிவர்ஸில் ஒரே பக்கக் கண்ணாடியை வெறித்துப் பார்க்கிறார்கள். மற்றப் பக்கம் கோட்டை மிதிக்கிறது. இவை இரண்டையும் கடைசி இரண்டு வகுப்பில் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். தேறாவிட்டால் 7 நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறையும் தேறாவிட்டால் 60 நாள் காத்திருக்க வேண்டும். இதை மறைக்காமல் வாசகத்தில் போடுகிறோம்.

இனிக் கட்டணம். ‘எல்லாம் சேர்த்து இவ்வளவு’ என்று ஒரே தொகையாக எழுதுவது பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். அதில் அரசுக்குப் போவது எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு என்பது தெரியாது. பின்னால் ‘ஆபீஸ் செலவு’ என்று ஏதாவது சேர்ந்துகொள்ள இடம் கொடுக்கும். இரண்டையும் பிரித்தே எழுத வேண்டும் என்பது என் கருத்து.

மத்திய விதிகளின்படி காருக்கு மட்டும் பார்த்தால் எல்எல்ஆர் 150, அதற்கான தேர்வு 50, ஓட்டும் தேர்வு 300, உரிமம் வழங்க 200. கூட்டினால் 700 ரூபாய். சேவைக் கட்டணம் ஏதாவது சேர்ந்தால் பணம் கட்டும்போது திரையில் தெரியும். கூடவே இருசக்கர வாகனமும் வேண்டுமானால் எல்எல்ஆருக்கு 150, ஓட்டும் தேர்வுக்கு 300 கூடும். இந்தத் தொகையைக் கற்பவரே தளத்தில் தம் கணக்கிலிருந்து கட்டட்டும். ரசீது அவர் பெயரில் அவர் கையில் இருக்கும்.

பள்ளிக் கட்டணம் எங்களிடம் 6,500. ஏன் அவ்வளவு என்று ஆச்சி கேட்டார், சொன்னோம். பத்தரை மணியில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் ஓடும். கற்பவர் கையில் கார் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் போனால் பெரிது. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிறது. அதற்கே 1,400 ஆகிறது. கற்றுக்கொடுப்பவரின் சம்பளம், இன்சூரன்ஸ், இரட்டைக் கட்டுப்பாடு பொருத்திய காரின் பராமரிப்பு மீதி. பயிற்சிக் காரில் கிளட்ச் பிளேட் வீட்டுக் காரைவிடச் சீக்கிரம் தேயும். பாதிக் கட்டணத்துக்கு ஒருவர் கற்றுத்தருகிறார் என்றால் பெட்ரோலும் சம்பளமும் அவருக்குக் குறையப்போவதில்லை. குறையக்கூடியது கற்பவர் ஓட்டுகிற நேரம் ஒன்றுதான். அப்படிப்பட்ட அறிவிப்பைப் பார்த்தால், ஒரு காரில் எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள்.

மொத்தமாக முன்பணம் வாங்குவதில்லை. சேரும்போது 2,000, எட்டாம் வகுப்பில் 2,500, தேர்வுக்கு முன் 2,000. இடையில் நிறுத்த நேர்ந்தால் ஓட்டிய வகுப்புகளுக்கு மட்டும் கணக்குப் போட்டு, கூடுதலாக வாங்கியிருந்தால் திருப்பித் தருகிறோம். ஆச்சிக்கு மொத்தச் செலவு பள்ளிக்கு 6,500, அரசுக்கு 700. மருத்துவருக்குக் கொடுத்தது தனி.

இவ்வளவையும் ஒரு படத்தின் கீழ் அடக்கினால் எங்கள் வாசகம் இப்படி வருகிறது:

*ஸ்டியரிங் உங்கள் கையில் பத்தரை மணி நேரம். புதியவர்களுக்கான கார் பயிற்சி, காரைக்குடி. 21 வகுப்பு, ஒவ்வொன்றிலும் நீங்கள் ஓட்டுவது அரை மணி. ஒரு காரில் இருவர் மட்டும். திடல், தெரு முனை, ரிவர்ஸ், கண்மாய்க் கரை மேடு, நகரம், நெடுஞ்சாலை. கடைசி இரண்டு வகுப்பு உங்கள் தேர்வு வாரத்தில். எல்எல்ஆர் வந்த பிறகே சாலையில் வகுப்பு. அது வந்து 30 நாள் கழித்துத் தேர்வு. தேர்வு ஆய்வாளருடையது, பயிற்சி எங்களுடையது. தேறாவிட்டால் 7 நாள் கழித்து மறுதேர்வு. மூன்று முறை தேறாவிட்டால் 60 நாள் இடைவெளி. பள்ளிக் கட்டணம் 6,500, மூன்று தவணை. முதல் தேர்வுக்குக் கார் இதில் அடக்கம். மறுதேர்வுக்குக் கார் 400. அரசுக் கட்டணம் காருக்கு 700, நீங்களே தளத்தில் கட்டலாம், மறுதேர்வுக்கு 300. நாற்பது வயதைக் கடந்தவர்கள் மருத்துவச் சான்றுடன் வாருங்கள். படிவம் 5 சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் இல்லை.*

படத்துக்கு வரவேற்பறை, கோப்பை, மாலை போட்ட கார் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். முன்னும் பின்னும் சிவப்பு ‘எல்’ ஒட்டிய பயிற்சிக் கார் தெரு முனையில் சுவருக்கு முன்னால் நிற்கிற படம்தான் போடுகிறோம். அதன் மூலையில் சிறிய எழுத்தில் மாதமும் ஆண்டும் இருக்கும். அரசுக் கட்டணமோ எங்கள் கட்டணமோ மாறினால் அன்றைக்கே பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதிய தேதியுடன் வேறு படம் போடுகிறோம். யாராவது பழைய படத்தைக் காட்டி அந்தக் கட்டணத்தைக் கேட்டால், அந்த மாதத்துக்குள் விசாரித்துப் பெயர் கொடுத்திருந்தவர்களுக்கு அதே தொகைதான்.